25 மில்லி தண்ணீர் ஏன் 25 கிராம் இல்லை: பிப்பெட்டை எடைபோட்டுச் சரிபார்ப்பது எப்படி

ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பிப்பெட்டுகளைச் சரிபார்க்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நடுவில் குமிழ் உள்ள, மேலே ஒரே ஒரு கோடு போட்ட, 25 மில்லி கண்ணாடிப் பிப்பெட்டுகள். கோடு வரை தண்ணீர் எடுத்து, குடுவையில் விட்டு, எடைபோட வேண்டும். எளிய வேலைதான். முதல் பிப்பெட்டுக்குத் தராசு சராசரியாக 24.865 கிராம் காட்டியது. அடுத்ததற்கும் அதையொட்டியே வந்தது. 25 மில்லி தண்ணீர் 25 கிராம் இருக்க வேண்டும் என்பதுதான் பள்ளியில் படித்தது. 0.135 குறைகிறதே என்று மூன்று பிப்பெட்டுகளில் ‘பழுது’ என்று சீட்டு ஒட்டித் தனியே வைத்தேன்.

மாலையில் மூத்த டெக்னீஷியன் அந்தச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “தம்பி, தண்ணி எத்தனை டிகிரின்னு பார்த்தியா?” நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அந்த மூன்றும் நல்ல பிப்பெட்டுகள் என்று அன்றே தெரிந்திருக்கும். அவர் அன்றைக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான், அதே எண்களை வைத்து, இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஏன் எடைபோடுகிறோம்? நமக்குத் தெரிய வேண்டியது கன அளவு. ஆனால் 25 மில்லியில் நூற்றில் ஒரு மில்லி கூடக்குறைய இருப்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இன்னொரு அளவுக் குடுவையில் ஊற்றிப் பார்க்கலாம் என்றால், அந்தக் குடுவை சரிதானா என்ற கேள்வி வரும். தராசு அப்படியில்லை. சாதாரண ஆய்வகத் தராசே ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கைச் சுலபமாகக் காட்டும். அதனால் பிப்பெட் வெளியே விட்ட தண்ணீரை எடைபோட்டு, அந்த எடையிலிருந்து கன அளவைக் கணக்குப் போடுகிறோம். எடையைக் கன அளவாக மாற்ற உதவுவது தண்ணீரின் அடர்த்தி. சிக்கல் இருப்பதும் அங்கேதான்.

ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்பது ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸில் மட்டும் பொருந்தும் கணக்கு. தண்ணீர் மிக நெருக்கமாக இருப்பது அந்த வெப்பநிலையில்தான். 1901 முதல் 1964 வரை லிட்டர் என்ற அளவையே, மிக அதிக அடர்த்தியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீரின் கன அளவு என்றுதான் வரையறுத்து வைத்திருந்தார்கள். நம் ஊர் ஆய்வகத்தில் 4 டிகிரிக்கு எங்கே போவது? சூடு ஏற ஏறத் தண்ணீர் விரியும். அதே ஒரு மில்லிக்குள் அடங்கும் தண்ணீர் குறையும். 20 டிகிரியில் ஒரு மில்லி 0.9982 கிராம். 25 டிகிரியில் 0.9970. 30 டிகிரியில் 0.9956. வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். ஆனால் 20-லிருந்து 30-க்குப் போகும்போது 25 மில்லியில் 0.06 கிராமுக்கு மேல் குறைந்துவிடும். ‘ஏ’ வகுப்பு 25 மில்லி பிப்பெட்டுக்கு அனுமதிக்கப்படும் பிழையோ 0.03 மில்லி மட்டுமே. தேடுகிற பிழையைவிட இரண்டு மடங்கு பெரிய மாற்றத்தை வெப்பநிலை தனியாகவே உண்டாக்கிவிடும் என்றால், அதைக் கணக்கில் சேர்க்காமல் எடைபோடுவதில் பயனே இல்லை.

அன்றைக்கு என் தண்ணீர் 29 டிகிரியில் இருந்தது. ஏசி இல்லாத தராசு அறை. 29 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி 0.99595. சரி, 24.865-ஐ 0.99595-ஆல் வகுத்தால் 24.966 மில்லி வருகிறது. 0.135 குறைவு என்று நான் நினைத்தது 0.034-ஆகச் சுருங்கிவிட்டது. இருந்தாலும் 0.03-ஐ ஒரு மயிரிழை தாண்டுகிறது. கணக்கை இங்கேயே நிறுத்தினாலும் அந்தப் பிப்பெட்டுக்குச் சீட்டு ஒட்டத்தான் வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் விட்டுவிடும் இன்னொரு விஷயம் வருகிறது. காற்று.

தண்ணீரில் இறங்கினால் உடம்பு லேசாகத் தெரிகிறதே, அதேபோலக் காற்றும் தனக்குள் இருக்கும் எல்லாப் பொருளையும் கொஞ்சம் மேலே தூக்குகிறது. எவ்வளவு தூக்குகிறது என்றால், அந்தப் பொருள் அடைத்துக்கொண்ட இடத்தில் இருந்திருக்க வேண்டிய காற்றின் எடை அளவுக்கு. ஒரு மில்லி காற்று ஏறக்குறைய 0.0012 கிராம். ஆகவே 25 மில்லி தண்ணீரைக் காற்று 0.030 கிராம் அளவுக்குத் தூக்குகிறது. அவ்வளவு எடையைத் தராசு பார்ப்பதே இல்லை.

ஆனால் 0.030-ஐ அப்படியே கூட்டிவிடக் கூடாது. தராசைச் சரிசெய்யும்போது எஃகு எடைக்கற்களை வைத்துத்தான் சரிசெய்திருப்பார்கள். அந்தக் கற்களையும் காற்று தூக்கியிருக்கும். எஃகின் அடர்த்தி 8 என்பதால் 25 கிராம் எடைக்கல் மூன்று மில்லி இடத்தைத்தான் அடைக்கும். அதைக் காற்று தூக்குவது 0.004 கிராம்தான். இது தராசின் கணக்கில் ஏற்கனவே சேர்ந்துவிட்டது. ஆக நாம் கூட்ட வேண்டியது 0.030-க்கும் 0.004-க்கும் உள்ள வித்தியாசம், அதாவது 0.026 கிராம்.

இப்போது 24.865 உடன் 0.026-ஐக் கூட்டினால் 24.891 கிராம். அதை 0.99595-ஆல் வகுத்தால் 24.992 மில்லி. 25-க்கு 0.008 தான் குறைவு. அனுமதியின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான் ‘பழுது’ என்று ஒதுக்கிய பிப்பெட் அருமையான பிப்பெட்.

ஒவ்வொரு தடவையும் இப்படி இரண்டு படியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை. அடர்த்தியையும் காற்றின் தூக்கலையும் ஒன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரே பெருக்கு எண்ணாகக் கொடுத்திருப்பார்கள். அதை இசட் காரணி என்பார்கள்.

```
V = m × Z
```

`m` என்பது தராசு காட்டிய எடை, கிராமில். `V` என்பது கன அளவு, மில்லியில். கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்களுக்கு `Z` 20 டிகிரியில் 1.0029, 25-இல் 1.0040, 28-இல் 1.0048, 29-இல் 1.0051, 30-இல் 1.0054. நம் 24.865-ஐ 1.0051-ஆல் பெருக்கினால் 24.992. அதே விடை.

மலையில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. உதகமண்டலம் மாதிரி இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உள்ள ஊரில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கும். அங்கே தூக்கலுக்காகக் கூட்ட வேண்டியது 0.026-க்குப் பதில் 0.021-ஐ ஒட்டி வரும். 25 மில்லியில் இதனால் வரும் மாற்றம் 0.005 மில்லிதான். பெரிய தவறு ஆகிவிடாது. ஆனாலும் காற்றழுத்தத்தோடு கொடுத்திருக்கும் அட்டவணை கையில் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அடுத்து, நான் இரண்டாம் நாள் செய்த தவறு. இதை இன்றும் புதிதாக வருபவர்கள் செய்வதைப் பார்க்கிறேன். பிப்பெட்டின் குமிழில் கொள்ளளவுக்குப் பக்கத்தில் ஒரு வெப்பநிலை அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் 20 டிகிரி. வெப்ப நாடுகளுக்கென்று செய்தவற்றில் 27 டிகிரியும் இருக்கும். ‘20 டிகிரி என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் 20 டிகிரிக்கான எண்ணால் பெருக்க வேண்டும்’ என்று நினைத்து 1.0029-ஆல் பெருக்கினேன். 24.937 வந்தது. 0.063 குறைவு. தளர்வான ‘பி’ வகுப்புக்கு அனுமதி 0.06. அதிலும்கூட அந்தப் பிப்பெட் தேறவில்லை!

அச்சிட்டிருக்கும் வெப்பநிலை கண்ணாடியைப் பற்றியது. இந்தக் கண்ணாடி 20 டிகிரியில் இருக்கும்போது கோடு வரை எடுத்து விட்டால் 25 மில்லி விழும் என்பதுதான் அதன் பொருள். அன்றைக்கு உங்கள் குடுவையில் இருக்கும் தண்ணீர் என்ன சூட்டில் இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பெருக்கு எண்ணைத் தேர்ந்தெடுப்பது எப்போதும் தெர்மாமீட்டர் காட்டும் தண்ணீரின் வெப்பநிலையை வைத்துத்தான்.

கண்ணாடியும் விரியுமே என்று கேட்கலாம். விரியும், ஆனால் மிகக் கொஞ்சம். போரோசிலிகேட் கண்ணாடியில் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு. 20-லிருந்து 29-க்கு ஒன்பது டிகிரி; 25 மில்லியில் இது 0.002 மில்லி. நம் பிப்பெட் 29 டிகிரியில் 24.992 விடுகிறது என்றால் 20 டிகிரியில் 24.990 விடும். சாதாரண சோடாக் கண்ணாடி என்றால் இதைப்போல் மூன்று மடங்கு அளவுக்கு, 0.006 மில்லி வரும். நான் போரோசிலிகேட்டுக்கு இதைப் பார்ப்பதில்லை. சோடாக் கண்ணாடிக்கு மட்டும் கழித்துக்கொள்வேன்.

கணக்கு இவ்வளவுதான். இனி கைவேலை. நல்ல எண் கிடைப்பதும் கெட்ட எண் கிடைப்பதும் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

காய்ச்சி வடித்த தண்ணீரை மூடிய குடுவையில் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்து, ஓரிரு மணி நேரம் விட்டுவிடுங்கள். முந்தின நாளே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. பிப்பெட்டையும் அங்கேயே வையுங்கள். தண்ணீர், கண்ணாடி, அறை எல்லாம் ஒரே சூட்டுக்கு வரட்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு கரைந்திருக்கும் போர்வெல் தண்ணீரை எடுத்தால், உப்பினாலேயே 25 மில்லியில் 0.02 கிராம் கூடிவிடும். பிப்பெட் அதிகம் விடுகிறது என்று தோன்றும்.

பிப்பெட் சுத்தமா என்று பார்க்க, அதில் தண்ணீர் எடுத்து வடியவிட்டு உட்சுவரைக் கவனியுங்கள். தண்ணீர் சீரான மெல்லிய படலமாக இறங்க வேண்டும். அங்கங்கே முத்துமுத்தாக நின்றால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. ஆய்வகச் சோப்பு நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள்; முத்து நிற்கும் வரை எடைபோடும் வேலையைத் தொடங்காதீர்கள். சுவரில் ஒட்டி நிற்கும் ஒரு சொட்டு ஏறக்குறைய 0.03-லிருந்து 0.05 கிராம். உங்கள் மொத்த அனுமதியும் அந்த ஒரு சொட்டுக்குள் போய்விடும்.

மூடியுள்ள சிறிய கூம்புக் குடுவை ஒன்றை மூடியோடு எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே உலர்ந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளிப்புறம் உலர்ந்திருந்தால் போதும். ரப்பர் பல்பால் தண்ணீரைக் கோட்டுக்குச் சற்று மேலே உறிஞ்சுங்கள். இப்போது, கோட்டுக்கு இறக்குவதற்கு முன்பே, பிப்பெட்டின் வெளிப்புறத்தை மெல்லிய தாளால் துடைத்துவிடுங்கள். இறக்கிய பிறகு துடைத்தால் தாள் முனையிலிருந்து தண்ணீரை உறிஞ்சிவிடும். பிப்பெட்டைச் செங்குத்தாகப் பிடித்து, கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்து, வளைந்த நீர்ப்பரப்பின் அடிப்பகுதி கோட்டைத் தொடும் வரை மெதுவாக இறக்குங்கள். முனையில் தொங்கும் சொட்டை ஒரு பீக்கரின் சுவரில் தொட்டு எடுத்துவிடுங்கள்.

பிறகு முனையைக் குடுவையின் உட்சுவரில் சாய்வாகத் தொட்டபடி தண்ணீரைத் தானாக வடியவிடுங்கள். வடிந்து நின்ற பிறகும், பிப்பெட்டில் குறித்திருக்கும் காத்திருப்பு நேரம் வரை முனையை எடுக்காதீர்கள். முனைக்குள் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதை ஊதித் தள்ளக் கூடாது. ‘வெளியே விடும் அளவு’ என்று குறித்த இந்த வகைப் பிப்பெட்டில், அந்த மீதி உள்ளேயே நிற்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கோடு கிழித்திருக்கிறார்கள். உடனே குடுவையை மூடி எடைபோடுங்கள். பழைய தண்ணீரைக் கொட்ட வேண்டாம். அதன்மேலேயே அடுத்த 25 மில்லியை விட்டு, எடைகளின் வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளலாம். குடுவை நிறையும்போது கொட்டினால் போதும்.

இப்படி ஐந்து தடவை. நடுவில் ஒரு முறையாவது தண்ணீரின் வெப்பநிலையைப் பாருங்கள். 29-க்குப் பதில் 28 என்று தவறாகக் குறித்தால் விடை 0.007 மில்லி நகரும். அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும் தெர்மாமீட்டர் இருந்தால் கவலையில்லை.

என் அன்றைய ஐந்து எடைகள்: 24.862, 24.871, 24.866, 24.859, 24.867. கூட்டி ஐந்தால் வகுத்தால் 24.865. மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் இடையே 0.012 கிராம்தான். கோட்டைப் பார்ப்பதில் கண்ணுக்கு வரும் சிறு தடுமாற்றத்துக்கு இது பொருத்தமான சிதறல்.

சராசரியைவிட இந்தச் சிதறலை முதலில் பார்க்கச் சொல்வேன். என்ன தவறு நடந்தது என்பதை எண்களே காட்டிக்கொடுத்துவிடும். நான்கு எடைகள் நெருங்கி வந்து ஒன்று மட்டும் 0.04 கூடியிருந்தால் அது ஒரு சொட்டு: முனையை ஊதியிருப்பீர்கள், அல்லது வெளியே துடைக்காமல் விட்டிருப்பீர்கள். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் உள்ளே முத்து நின்றிருக்கும், அல்லது காத்திருக்காமல் முனையை எடுத்திருப்பீர்கள். ஐந்தும் வரிசையாகக் குறைந்துகொண்டே போனால் தண்ணீர் ஆவியாகிறதா என்று பாருங்கள். அதைத் தராசிலேயே நேரில் பார்க்கலாம். மூடியைத் திறந்த குடுவையைத் தட்டில் வைத்துக் காத்திருங்கள். கடைசி இலக்கம் நிற்காமல் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே இருக்கும். மூடியை வைத்ததும் நின்றுவிடும். அந்த இறக்கத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்த பிறகு நான் மூடியில்லாமல் எடைபோட்டதே இல்லை.

கையின் சூடும் ஏமாற்றும். குமிழைக் கைக்குள் பொத்திப் பிடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் சூடாகும். தண்டின் மேல்பகுதியை மட்டும் பிடியுங்கள். குடுவையையும் கழுத்தில் பிடித்துத் தூக்குங்கள். வெறும் விரல் பட்டுப் பட்டு வெளியே படியும் ஈரமும் எடையில் சேரும்.

ஐந்தும் நெருக்கமாக வந்து, சராசரி மட்டும் விலகி நின்றால்? கை சரியாக இருக்கிறது என்று பொருள். முதலில் தெரிந்த எடைக்கல் ஒன்றை வைத்துத் தராசைப் பாருங்கள். அடுத்து வெப்பநிலையையும் பெருக்கு எண்ணையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் பிப்பெட்டைச் சந்தேகிக்கலாம். 24.94 என்று வந்தால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ‘24.94 மில்லி’ என்று சீட்டு ஒட்டி, டைட்ரேஷன் கணக்கில் 25.00 வரும் இடத்தில் 24.94 போட்டுக்கொண்டால் அது நம்பகமான கருவிதான். நல்ல பிப்பெட்டுக்கும் நான் அப்படியே செய்கிறேன்: சீட்டில் 24.99, தண்ணீர் 29 டிகிரி, தேதி.

ஒன்றை மட்டும் இப்படிக் காப்பாற்ற முடியாது: முனை உடைந்த பிப்பெட். சின்ன உடைசல்தான், விரலால் தடவினால்தான் தெரியும். ஆனால் துவாரம் பெரிதாகி, தண்ணீர் சட்டென்று கொட்டிவிடும்; சுவரில் ஒட்டிய படலம் இறங்கி வர நேரம் கிடைக்காமல் உள்ளேயே தங்கிவிடும். ஒவ்வொரு தடவையும் தங்குவது வேறுவேறு அளவு என்பதால் எடைகள் நெருங்கி வரவே வராது. அன்றைக்கு நான் ஒட்டிய மூன்று சீட்டுகளையும் கிழித்துப்போட்ட மூத்தவர், அலமாரியில் இருந்த நான்காவது பிப்பெட்டின் முனையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, எடைபோடாமலேயே அதை உடைந்த கண்ணாடிப் பெட்டியில் போட்டார்.